usleep() போட்டால் ஏஇஎஸ் சாவி தப்பாது

போன வாரம் ஒரு நிறுவனத்தின் சோர்ஸ் கோடைத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். என்கிரிப்ட் செய்யும் ஃபங்ஷனின் கடைசியில் இப்படி ஒரு வரி:

```
usleep(rand() % 200);
```

அதற்கு மேலே, ஓடும் நேரத்தை அளந்து சாவியைத் திருடும் டைமிங் தாக்குதலைத் தடுக்க என்று ஒரு கமெண்ட். இதே வைத்தியத்தை இதோடு மூன்றாவது இடத்தில் பார்க்கிறேன். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் திருடன் எந்த வழியாக வருகிறான் என்று பார்க்காமல் வேறு கதவைப் பூட்டியிருக்கிறார்.

அந்த கோடில் இருந்தது அட்டவணை வைத்து ஓடும் ஏஇஎஸ் என்கிரிப்ஷன். வேகத்துக்காக ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் முன்கூட்டியே போட்டு, நான்கு அட்டவணைகளில் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் 256 பதிவுகள், பதிவுக்கு 4 பைட், ஆக அட்டவணைக்கு 1 கிலோபைட். ஏஇஎஸ் தேர்வின்போது, 2000-இல், அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டே அட்டவணையைப் பார்ப்பது டைமிங் தாக்குதலுக்கு இடம் தராது என்றுதான் மதிப்பிட்டது. 2005-இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் ஒரு பக்கமும், ஓஸ்விக், ஷமீர், ட்ரோமர் மூவரும் இன்னொரு பக்கமும் அது தவறு என்று செய்தே காட்டினார்கள்.

முதல் சுற்றில் அட்டவணையின் எத்தனையாவது பதிவைப் படிப்பது என்பதை முடிவு செய்வது, அனுப்பும் தகவலின் ஒரு பைட்டும் சாவியின் ஒரு பைட்டும் சேர்ந்த எக்ஸார் மட்டுமே. தகவலின் பைட் 0x3A, சாவியின் பைட் 0x7C என்று வைத்துக்கொள்வோம். எக்ஸார் 0x46. சிபியுவின் கேஷ், நினைவகத்தை 64 பைட் கொண்ட லைன்களாகத்தான் எடுக்கும். ஒரு லைனில் 16 பதிவுகள் என்பதால், 0x46 இருப்பது 4-ஆம் லைனில். அந்த லைன் தொடப்பட்டது என்று தெரிந்தால் போதும். 4-ஐயும், தகவலின் மேல் பாதியான 3-ஐயும் எக்ஸார் செய்தால் 7. சாவி பைட்டின் மேல் நான்கு பிட் கையில் வந்துவிட்டது.

ஒரே முறை பார்த்தால் இது தெரியாது. 128 பிட் ஏஇஎஸ்ஸில் இந்த ஒரு அட்டவணையே 36 முறை தொடப்படும்; பெரும்பாலான லைன்கள் எப்படியும் தொடப்பட்டிருக்கும். ஆனால் சம்பந்தமில்லாத லைன் ஒன்று பத்தில் ஒரு முறை போலத் தொடப்படாமல் தப்பும். சரியான லைன் ஒருபோதும் தப்பாது. சில நூறு முறை பார்த்தால் தவறான ஊகங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும். மீதி பிட்களை இரண்டாம் சுற்று கொடுக்கும். அந்த மூவரும் லினக்ஸில் வட்டை என்கிரிப்ட் செய்யும் dm-crypt மீது இதைச் செய்தபோது வட்டில் 800 முறை எழுதியது, 65 மில்லி செகண்ட் அளவீடு, அப்புறம் 3 செகண்ட் கணக்கு. முழுச் சாவியும் வந்தது.

இப்போது அந்த usleep-க்கு வருகிறேன். திருடன் உங்கள் ஃபங்ஷன் எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்ப்பதே இல்லை. அதே இயந்திரத்தில் ஓடும் அவனுடைய புரோகிராம் தன் நினைவகத்தைக் கொண்டு கேஷை நிரப்புகிறது. நீங்கள் என்கிரிப்ட் செய்கிறீர்கள். பிறகு அவன் தன்னுடைய நினைவகத்தையே திரும்பப் படிக்கிறான். எங்கே மெதுவாக வருகிறதோ, அங்கே உங்கள் அட்டவணை வந்து அவனுடையதைத் தள்ளிவிட்டது என்று அர்த்தம். கடிகாரம் அவனுடையது, நினைவகமும் அவனுடையது. நீங்கள் கடைசியில் தூங்குவது அவனுக்கு நிதானமாக அளக்க நேரம் கொடுக்கிறது, அவ்வளவுதான். நெட்வொர்க் வழியாக மொத்த நேரத்தை அளப்பவனுக்கும் இது தடையில்லை. நிறைய முறை அளந்து சராசரி எடுத்தால் உங்கள் ரேண்டம் தாமதம் கரைந்துபோகும். தயவுசெய்து அந்த வரியை அழித்துவிடுங்கள்.

உண்மையான தீர்வு அட்டவணையையே இல்லாமல் செய்வது. இன்டெல் 2010-இல் வெஸ்ட்மியர் சிப்களில் கொண்டுவந்த AESENC கட்டளை ஒரு முழுச் சுற்றையும் ரெஜிஸ்டருக்குள்ளேயே சர்க்யூட்டாகச் செய்துவிடுகிறது. சாவியைப் பொறுத்து மாறும் நினைவக முகவரி எதுவும் இல்லை. கேஷில் தடயமும் இல்லை.

"எங்கள் சர்வர் புதுசு சார், அதெல்லாம் இருக்கும்" என்பார்கள். முதலில் விர்ச்சுவல் மெஷினுக்கு உள்ளே போய்ப் பாருங்கள்:

```
grep -m1 -ow aes /proc/cpuinfo
```

ஒன்றும் வரவில்லையென்றால் விர்ச்சுவல் மெஷினின் சிபியு வகை kvm64 என்று இருக்கிறதா பாருங்கள். அது அந்தக் கட்டளைகளை மறைத்துவிடும். நான் பார்த்த இடத்தில் அதுதான் நடந்திருந்தது. ராஸ்பெரி பை 4-இல் சிப்பிலேயே கிடையாது. அங்கே அட்டவணையே தேவைப்படாத ChaCha20-Poly1305 போடுங்கள்.

cpuinfo-வில் aes கொடி இருந்தாலும், கோடில் AES_encrypt என்று நேரடியாக அழைத்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் இந்தக் கட்டளைகள் பக்கமே போகாது. EVP வழியாக அழைத்தால்தான் போகும். 256 பிட் சாவிக்கு மாறினாலும் உதவாது, கசிவு பைட் பைட்டாகத்தான் நடக்கிறது. ஜிசிஎம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் pclmulqdq கொடியையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஜிசிஎம்மின் சரிபார்ப்புக் கணக்கான ஜிஹாஷ் பகுதியும் அட்டவணைக்குப் போகக்கூடும்; ஏஇஎஸ் பக்கம் அடைத்த ஓட்டை அங்கே திறந்திருக்கும்.