ராத்திரி சும்மா கிடக்குற போன்ல சார்ஜ் எங்க போகுது?

படுக்கும்போது 90 சதவீதம் இருந்துச்சு, காலைல பாத்தா 70, யாரும் தொடவே இல்ல. இது நிறைய பேருக்கு நடக்குது, உடனே பேட்டரி போச்சுன்னு நினைச்சுக்குறாங்க. கொஞ்சம் கணக்கு போட்டு பாப்போம். 5000 எம்ஏஹெச் பேட்டரில 20 சதவீதம்னா 1000, அத எட்டு மணி நேரத்துக்கு பிரிச்சா சராசரியா 125 மில்லியாம்ப். ஒழுங்கா தூங்குற போன் ராத்திரி முழுக்க மூணு நாலு சதவீதம்தான் தின்னும், அதாவது 20, 25 மில்லியாம்ப். அப்போ உங்க போன் தூங்கவே இல்ல, யாரோ எழுப்பிக்கிட்டே இருக்காங்க.

எழுப்புறதுலதான் செலவே இருக்கு. ஒரு ஆப் ஏதோ துளி டேட்டாவுக்காக சர்வர கூப்பிடுதுன்னு வைங்க, முதல்ல ப்ராசசர் முழிக்கணும், அப்புறம் மோடம் பவர் ஏத்திக்கணும். டேட்டா ஒரு செகண்டுக்குள்ள வந்துரும், ஆனா 4ஜி மோடம் உடனே படுக்காது, இன்னும் ஏதாச்சும் வருமோன்னு சில செகண்ட், நெட்வொர்க்க பொறுத்து பத்து செகண்ட் வரைக்கும் கூட முழிச்சே நிக்கும். அதனால அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை துளித்துளியா வாங்குற ஆப்தான் ஒரே மூச்சுல மொத்தமா வாங்குறத விட ஜாஸ்தி சார்ஜ் தின்னும்.

இத சமாளிக்கத்தான் ஆண்ட்ராய்டு 6ல (2015) டோஸ் வந்துச்சு. ஸ்கிரீன் ஆஃப் ஆகி போன் அசையாம கிடந்தா ஆப்களோட நெட்வொர்க்க நிறுத்தி வெச்சு, அப்பப்ப ஒரு சின்ன இடைவெளில மட்டும் எல்லாத்துக்கும் சேத்து வழி விடும். ஆனா பகல்ல நாம போன எடுத்து எடுத்து பாத்துக்கிட்டே இருக்கோம்ல, அப்போ டோஸ் நிலைக்காது. அங்கதான் 2018ல ஆண்ட்ராய்டு 9 கூட வந்த Adaptive Battery வேலை செய்யுது. நீங்க எந்த ஆப எப்போ திறக்குறீங்கன்னு போனே கவனிச்சு, அடுத்து எத திறப்பீங்கன்னு யூகிச்சு, ஆப்கள தட்டு தட்டா பிரிச்சு வைக்கும். அந்த 9ம் பதிப்பு கணக்குப்படி தினமும் தொடுற ஆப்னா பின்னணி வேலை ரெண்டு மணி நேரம் வரை தள்ளிப்போகலாம், அடிக்கடி தொட்டாலும் தினமும் இல்லன்னா எட்டு மணி நேரம், எப்போவாச்சும் தொடுறதுன்னா 24 மணி நேரம். பொங்கல் ஆஃபருக்கு ஒருதடவை போட்ட ஷாப்பிங் ஆப் கால் மணிக்கு ஒருதடவை செக் பண்ண நினைச்சா ஒரு நாளைக்கு 96 தடவை, கடைசி தட்டுக்கு போயிட்டா ஒரு தடவை. வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் எப்படி உடனே வருதுன்னா, அவசர நோட்டிபிகேஷனுக்கு கூகுள் சர்வர் வழியா எல்லா ஆப்புக்கும் பொதுவா ஒரே ஒரு கனெக்‌ஷன் இருக்கு, அது டோஸ்லயும் திறந்துதான் இருக்கும்.

இது பழக்கத்த பாத்து கத்துக்குறதால புது போன்லயோ ரீசெட் பண்ண உடனேயோ பலன் தெரியாது, சில நாள் விடுங்க. எந்த ஆப் எந்த தட்டுல இருக்குன்னு Developer options உள்ள Standby apps-ல பாக்கலாம்.

சரி, இதெல்லாம் ஆன்ல இருந்தும் ராத்திரி 20 போகுதுன்னா? ஒரு ராத்திரி ஏரோப்ளேன் மோட் போட்டுட்டு தூங்குங்க. இழப்பு நல்லா குறைஞ்சா காரணம் நெட்வொர்க் பக்கம், ஒண்ணு நெட்ட தேடி தேடி பேசுற ஆப், இல்லன்னா அறைல சிக்னலே வீக், டவர் எட்டலன்னா மோடம் பவர கூட்டிக்கிட்டே போகும், அதுக்கு ஆப் செட்டிங் எதுவும் உதவாது, வீட்ல வைஃபை இருந்தா மொபைல் டேட்டாவ ஆஃப் பண்றது ஓரளவு உதவலாம். ஏரோப்ளேன் மோட்லயும் அதே மாதிரி இறங்குனா ப்ராசசர தூங்க விடாம ஒரு ஆப் பிடிச்சு வெச்சிருக்கலாம். பேட்டரி யூசேஜ்ல போய் பின்னணி நேரம் எதுக்கு ஜாஸ்தின்னு பாருங்க, அது Unrestricted-ல இருக்கலாம், அதாவது டோஸ் நேரத்துலயும் அது நெட்வொர்க்க தொடலாம், ப்ராசசர முழிக்க வெச்சிருக்கலாம். Optimized-க்கு மாத்துங்க, அப்பவும் அடங்கலன்னா Restricted. ஆனா மெசேஜ் ஆப், அலாரம், சுகர் சென்சார் ஆப் எதையும் Restricted-ல போடாதீங்க, முக்கியமான நேரத்துல நோட்டிபிகேஷன் வராம போயிரும். ரீசன்ட்ஸ்ல எல்லாத்தையும் தள்ளி விடுறதும் வேண்டாம், திரும்ப திறக்கும்போது முதல்ல இருந்து லோட் பண்ண வேண்டி வரும், அதுதான் கூடுதல் செலவு.

இந்த ராத்திரி இழப்புக்கு டார்க் மோட் உதவாது, அது ஸ்கிரீன் எரியும்போது மட்டும்தான் சார்ஜ மிச்சம் பண்ணும், அதுவும் ஓஎல்இடி டிஸ்ப்ளேல மட்டும், ஏன்னா அங்க ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுது, கருப்புன்னா அணைஞ்சுரும். எல்சிடில பின்னாடி லைட் எப்பவும் எரியுது, கருப்புங்குறது அத மறைக்குறது மட்டும்தான். உங்களோடது எதுன்னு தெரியணும்னா இருட்டு ரூம்ல முழு கருப்பு படம் ஒண்ண திறங்க, லேசா சாம்பலா ஒளிர்ந்தா எல்சிடி. ஓஎல்இடியா இருந்தாலும் வெளிச்ச அளவ பாக்கணும், 2021ல பர்டூ பல்கலைக்கழகம் அளந்ததுல 30லேருந்து 50 சதவீத பிரைட்னஸ்ல சராசரியா 3லேருந்து 9 சதவீதம்தான் மிச்சம், முழு பிரைட்னஸ்ல 39லேருந்து 47. அதனால வீட்டுக்குள்ள குறைஞ்ச வெளிச்சத்துல வெள்ளை பின்னணிதான் கண்ணுக்கு சௌகரியம்னா தாராளமா அதையே வெச்சுக்கங்க, மத்தியான வெயில்ல பைக் மேல மேப் போட்டு ஓட்டும்போது டார்க் போடுங்க.