கிறீன் ரீ ஏன் கசக்கிறது?

கிளிநொச்சிப் பக்கம் ஏ9 வீதிக் கடைகளில் கிறீன் ரீ கேட்டால், பிளேன்ரீக்குக் கொதிக்கிற அதே கேத்தல் தண்ணியைத்தான் ஊற்றுவார்கள். பையும் கோப்பைக்குள்ளேயே கிடக்கும். பாதி குடிக்கும்போதே வாய் கசந்து, நாக்கு வறண்டுவிடும். குற்றம் தேயிலையில் இல்லை, சூட்டில்தான்.

இரண்டும் ஒரே செடியின் கொழுந்துதான். கறுப்புத் தேயிலைக்கு அதை உருட்டிக் கசக்கிக் காற்றுப்பட விடுகிறார்கள். இலையிலுள்ள கட்டெக்கின் என்னும் பொருள் பெரும்பாலும் மாறி, செம்மண்ணிறச் சாயமாகிறது. கிறீன் ரீக்கோ இலையை முதலிலேயே சூடாக்கி அந்த மாற்றத்தை நிறுத்திவிடுவதால், கட்டெக்கின் அப்படியே தங்கிவிடுகிறது. கசப்பும் துவர்ப்பும் அதிலிருந்தே வருகின்றன. தண்ணி எவ்வளவு சூடோ, அவ்வளவு வேகமாக அது கரையும். மெல்லிய இனிப்புச் சுவை தரும் தியனின் என்னும் பொருளோ குறைந்த சூட்டிலும் நன்றாக இறங்கிவிடும். ஆகவே 80 பாகை செல்சியஸ் போதும்.

அதற்கு வெப்பமானி தேவையில்லை. வன்னியில் கொதித்த தண்ணி 100 பாகை, கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணி ஏறக்குறைய 30 பாகை. 150 மில்லிலீற்றர் கொதிதண்ணியில் 60 மில்லிலீற்றர் ஆறிய தண்ணியைக் கலந்தால் 80 அளவில் வரும். பிறகு 2 கிராம் இலையைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். வடிக்காமல் மேசைக்கு அனுப்பினால் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இலை ஊறிக்கொண்டே இருக்கும். கடைகள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

பிளேன்ரீக்கு இந்த மென்மை ஆகாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் சாயமும் மணமும் முழுதாக இறங்கும். தூள் தேயிலைக்கு மூன்று நிமிடம், முழு இலைக்கு ஐந்து. தேயிலை விளையும் நுவரெலியாவில் உயரம் காரணமாகத் தண்ணி 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அந்த வகையில் நமக்குத்தான் வசதி.

வசதியில்லாதது கிணற்றுத் தண்ணி. கல்சியம் கூடிய தண்ணியில் தேத்தண்ணி மங்கலாகி, மேலே எண்ணெய்போல ஒரு ஆடை படரும். கோப்பையைச் சரித்தால் அது துண்டு துண்டாக உடைந்து ஓரத்தில் ஒட்டும். சில துளி தேசிக்காய்ப் புளி விட்டால் ஆடை படியாது, நிறமும் வெளுக்கும். பழைய தூளோ என்று சந்தேகப்படுமுன், கல்சியம் நீக்கி வடிகட்டிய தண்ணியில் ஒரு கோப்பை போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆவரசம்பூ, கொத்தமல்லி, இஞ்சி போன்றவற்றில் தேயிலையே இல்லை. கட்டெக்கின் கசப்புக்குப் பயந்து சூட்டைக் குறைக்க வேண்டியதில்லை. காய்ந்த பூவுக்குக் கொதிதண்ணி ஊற்றி ஏழு நிமிடம் விட்டால் போதும். இடித்த மல்லியும் இஞ்சியும் கடினமானவை, அவற்றை மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் அவிக்க வேண்டும். இரண்டுக்கும் மூடி அவசியம். மணம் தரும் எண்ணெய்கள் ஆவியோடு போய்விடக் கூடியவை. அவிக்கும்போது கடை முழுக்க மல்லி மணம் வீசினால், கோப்பையில் அது குறைந்துவிட்டது என்று அறியலாம்.