ஏழு மோதிரம் எப்படிக் கரி அடுப்பு ஆனது?

"இலவச ஆவி" என்று தமிழில் அச்சிட்ட பனியனைப் போட்டுக்கொண்டு ஒரு வெளிநாட்டுக்காரர் உங்கள் எதிரே வருகிறார். படித்ததும் உங்களுக்கு இட்லிக் கொப்பரை ஞாபகம் வரும், இல்லையென்றால் பேய் ஞாபகம் வரும். இரண்டில் எதுவானாலும் காசு கொடுக்காமல் கிடைக்கிறது என்று புரிந்துகொள்வீர்கள். அவர் எழுத நினைத்ததோ ஆங்கிலத்தில் 'ஃப்ரீ ஸ்பிரிட்', அதாவது யாருக்கும் கட்டுப்படாத மனசு. ஃப்ரீ என்றால் இலவசம், ஸ்பிரிட் என்றால் ஆவி. அகராதியில் இரண்டுமே இருக்கின்றன, தனித்தனியாக இரண்டுமே சரி.

இதே விபத்து நாம் வேறு மொழியை நம் உடம்பில் எழுதிக்கொள்ளும்போதும் நடக்கிறது. நான் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். பச்சை குத்தும் முன்பும் பனியன் அடிக்கும் முன்பும் "இது சரியா பாருங்கள்" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. குத்திய பிறகு கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வராது. அதனால்தான் சரிபார்ப்பது எப்படி என்பதை ஜப்பானிய மொழியை வைத்தே விளக்கமாக எழுதுகிறேன்.

உலகம் முழுக்கத் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 ஜனவரியில் பாடகி அரியானா கிராண்டே தன் '7 ரிங்ஸ்' பாட்டைக் கொண்டாட உள்ளங்கையில் 七輪 என்று பச்சை குத்திக்கொண்டார். 七 என்றால் ஏழு. 輪 என்றால் வளையம், சக்கரம். இரண்டையும் சேர்த்தால் ஏழு வளையம் என்று வரவேண்டும். ஆனால் ஜப்பானியர் அதை 'ஷிச்சிரின்' என்று ஒரே சொல்லாகப் படிப்பார்கள். ஷிச்சிரின் என்பது மீன், கறி சுடுகிற சின்னக் கரி அடுப்பு.

இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் 'தீ' தெரியும், 'பெட்டி' தெரியும் என்கிற ஒருவர் 'நெருப்பு நிறைந்த பேழை' என்று கவிதையாக நினைத்துக்கொண்டு 'தீப்பெட்டி' என்று முதுகில் எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? படிக்கிற நாம் அதைத் தீ, பெட்டி என்று பிரித்துக் கூட்டிப் பொருள் காண மாட்டோம். கடையில் வாங்குகிற ஒரு பொருளாக முழுசாகத்தான் மனதில் ஏறும். அடிக்கடி சேர்ந்து வருகிற சொற்களை மூளை ஒரே உருவாகச் சேமித்து வைத்திருக்கிறது, படிக்கும்போது அந்த உருவே முதலில் எழும்புகிறது. அகராதியில் துண்டுகளைத் தேடுகிற அந்நியருக்கு இந்த உருவம் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொரு காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் எண்ணைப் பெயர்ச்சொல்லோடு நேராக ஒட்டுவது வழக்கமில்லை, நடுவில் ஓர் எண்ணிக்கைச் சொல் வரவேண்டும். நாம் 'ஏழு பேர் வந்தார்கள்' என்பதில் அந்தப் 'பேர்' செய்கிற வேலை மாதிரி. ஏழு மோதிரம் என்பதற்கு இயல்பான வடிவம் 七つの指輪, 'நனட்சு நோ யுபிவா'. つ எண்ணிக்கைக்கு, の இணைப்புக்கு, 指 என்றால் விரல். விரல் சேர்ந்தால்தான் 輪 மோதிரமாகிறது. இல்லாவிட்டால் அது சைக்கிள் சக்கரமாகவும் இருக்கலாம், பூக்களை எண்ணுகிற சொல்லாகவும் இருக்கலாம். நடுவில் வரவேண்டிய மூன்று எழுத்துகளை வலி தாங்காமல் விட்டுவிட்டதாக அரியானாவே பின்னால் சொன்னார். அந்த மூன்று எழுத்துகளில்தான் பொருளே இருந்தது.

அப்புறம் திருத்தப் பார்த்தார். 指 எழுத்தைக் கீழ் வரிசையில் சேர்த்தார். ஜப்பானிய எழுத்தை இடமிருந்து வலமாகக் கிடையாகப் படிக்கலாம், மேலிருந்து கீழாகச் செங்குத்தாகவும் படிக்கலாம். செங்குத்து என்றால் வலது ஓரப் பத்தியிலிருந்து தொடங்கவேண்டும். கிடையாகப் படித்தால் முதல் வரியில் கரி அடுப்பு அப்படியே இருக்கிறது, அடுத்த வரியில் விரல். செங்குத்தாகப் படித்தால் வளையத்தில் தொடங்குகிறது. இரண்டு வழியிலும் ஏழு மோதிரம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே குத்தியதில் ஓர் எழுத்தைச் சொருகிச் சரிசெய்வது அநேகமாக இப்படித்தான் முடியும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியுமா? ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். 七輪 என்பதை அப்படியே படத் தேடலில் போட்டுப் பாருங்கள். திரை முழுக்க அடுப்பும் கரியும் வாட்டிய மீனும். ஜப்பானிய மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் செய்யக்கூடிய சோதனை இது. ஒரு பொறி மட்டும் உண்டு. ஜப்பானியமும் சீனமும் பல எழுத்துகளைப் பகிர்ந்துகொள்கின்றன, பொருளை எப்போதும் பகிர்வதில்லை. 手紙 ஜப்பானில் கடிதம், சீனத்தில் கழிப்பறைக் காகிதம். எந்த மொழி என்று முடிவு செய்துவிட்டு அந்த மொழிப் பக்கங்களில் மட்டும் தேடவேண்டும்.

படத் தேடல் பொருட்களின் பெயரைப் பிடித்துவிடும், வாக்கியத்தைப் பிடிக்காது. வாக்கியம் என்றால் இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடி, அதை யார் எழுதுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். வருவதெல்லாம் பச்சை குத்தும் கடை, பனியன் கடை என்றால் அந்த வாக்கியம் அந்த மொழிக்காரர்களிடையே புழக்கத்தில் இல்லை என்று அர்த்தம். ஜப்பானிய மொழிக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. அங்குள்ள தேசிய மொழி ஆய்வு நிறுவனம் புத்தகம், பத்திரிகை, வலைப்பதிவு எனப் பலவற்றிலிருந்தும் சுமார் 10 கோடிச் சொற்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. 中納言 என்ற தேடல் வசதியில் பதிவு செய்துகொண்டால் ஒரு தொடருக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று நிஜ வாக்கியங்களிலேயே பார்க்கலாம்.

போன வருடம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். கால்பந்து ஆடுகிறவன், முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி மைதானத்துக்குப் போகிறான். 'விட்டுக்கொடுக்காதே' என்று முன்கையில் குத்திக்கொள்ள ஆசை, முதலில் அதையே பனியனில் போட்டுப் பார்க்கலாம் என்று வந்திருந்தான். கைபேசியில் மூன்று வடிவங்கள் எடுத்து வைத்திருந்தான். あきらめるな, あきらめないで, あきらめない. மூன்றும் பிழையில்லாத ஜப்பானியம். இங்கே கேள்வி இலக்கணத்தைப் பற்றியது இல்லை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கட்டளை வடிவம் ஜப்பானிய மொழியில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சூப்பர்ட்ரை என்ற பிரிட்டிஷ் உடை நிறுவனத்தின் பனியன்களில் 極度乾燥(しなさい) என்று இருக்கும். 'மிதமிஞ்சிய உலர்த்தல்', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'செய்'. அந்த しなさい அம்மா பிள்ளையிடம், ஆசிரியர் மாணவனிடம் சொல்கிற 'செய்'. மார்பில் அதைப் பார்க்கிற ஜப்பானியருக்கு யாரோ வீட்டுப்பாடம் எழுதச் சொல்கிற தொனி கேட்கும்.

சரி, பையனிடம் வருவோம். ஜப்பானிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்க்கிற இரண்டு பேருக்கு மூன்று வடிவங்களையும் தனித்தனியாக அனுப்பினேன். என்ன பொருள் வேண்டும் என்று சொல்லவில்லை, யாருக்காக என்றும் சொல்லவில்லை. "ஒருவர் பனியனில் இது இருந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்?" என்று மட்டும் கேட்டேன். இப்படிக் கேட்பதுதான் முழுச் சரிபார்ப்பிலும் முக்கியமான படி. 'ஃப்ரீ ஸ்பிரிட்' என்று முன்பே சொல்லியிருந்தால் 'இலவச ஆவி'யை நீங்களும் கொஞ்சம் பெரிய மனசோடு படித்திருப்பீர்கள். பொருளைச் சொல்லிவிட்டு "சரியா?" என்று கேட்டால், கேட்டவர் மனசு நோகக்கூடாதே என்று "புரிகிறது" என்பார்கள். புரிகிறது என்பது வேறு, இயல்பாக இருக்கிறது என்பது வேறு. இரண்டு பேரிடம் கேட்பதும் ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதும் அதனால்தான்.

あきらめるな என்பதற்கு இருவருமே 'பயிற்சியாளர் அணியைப் பார்த்துக் கத்துவது மாதிரி' என்றார்கள். あきらめないで யாரோ யாரையோ கெஞ்சித் தேற்றுகிற குரல் என்றார்கள். あきらめない பற்றி ஒருவர், "இவர் ஏதோ கஷ்டத்தில் இருக்கிறார், விடமாட்டேன் என்கிறார்" என்று எழுதினார். ஜப்பானிய வாக்கியத்தில் 'நான்' என்று சொல்லத் தேவையில்லை. சொல்லாமல் விட்டால், எழுத்து யார் உடம்பில் இருக்கிறதோ அவர் பேசுவதாகவே பெரும்பாலும் படுகிறது. பையனுக்கு அதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுதான் சார், அதையே சொல்லத்தான் நினைத்தேன்" என்றான். அவன் கேட்டு வந்தது கட்டளை. அவனுக்கு வேண்டியிருந்தது சபதம்.

சொல் முடிவானதும் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கவேண்டும். தமிழில் இந்தக் கோளாறு நமக்கு நன்றாகத் தெரியும். 'கோ' என்று தட்டினால், தமிழை அடுக்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருள் கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் தள்ளிவிடும். ஜப்பானியத்தில் வேறு மாதிரி. 直 என்ற எழுத்துக்கு யூனிகோடில் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் ஒரே எண்தான், U+76F4. சீன எழுத்துரு வந்து உட்கார்ந்தால் அடிப்பகுதி மாறிவிடும், ஜப்பானியர் கண்ணுக்கு உறுத்தும். அதனால் கடைக்குச் சொல்லைத் தட்டி அனுப்பக்கூடாது, சரியான எழுத்துருவில் அமைத்துக் கோடுகளாக மாற்றிய கோப்பைத்தான் தரவேண்டும்.

பையனின் தொடரில் அப்படிப்பட்ட எழுத்து இல்லை, ஆனால் め இருந்தது. அதன் வாலில் ஒரு சின்னச் சுழி சேர்ந்தால் ぬ ஆகிவிடும், அப்புறம் அப்படி ஒரு சொல்லே கிடையாது. き-யில் ஒரு குறுக்குக்கோடு மங்கினால் さ. பச்சை மை வருடக்கணக்கில் தோலுக்குள் மெல்ல விரியும், நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று சேரும். அவன் காட்டிய மாதிரியில் எழுத்து விரல் நகத்தில் பாதிதான் இருந்தது. இரண்டு மடங்காக்கச் சொன்னேன்.

பனியன் வந்தது, இரண்டு மாதம் போட்டான், மனசு மாறவில்லை. குத்துகிற அன்று ஊசி வைக்கும் முன் தோலில் ஒட்டிய ஸ்டென்சிலைப் படமெடுத்து அனுப்பினான். எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறி இருந்தன. பதறிப்போய் உடனே அழைத்தேன். முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறான், படம்தான் கண்ணாடிபோலத் திரும்பியிருக்கிறது. பின்பக்கக் கேமராவில் இன்னொன்று எடுக்கச் சொல்லி, அதே இரண்டு பேருக்கும் அனுப்பினேன். ஆறு எழுத்தையும் இருவரும் சரியாகப் படித்துச் சொன்ன பிறகு ஆரம்பிக்கலாம் என்றேன்.