சராசரி குறைந்தது சரி, நஷ்டம் எங்கே குறைந்தது?

வருமான வரி ரிட்டர்ன் போடும் ஜூலை மாதம் வந்தாலே இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்திலிருந்து தப்ப முடிவதில்லை: "ஆவரேஜ் பண்ணி வச்சிருக்கேன் சார், எப்படியும் கேறிரும்." மார்த்தாண்டத்து ரப்பர் வியாபாரி, குளச்சலில் வலைக் கடை நடத்துகிறவர், துபாயிலிருந்து லீவுக்கு வந்த பையன் என்று எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பேச்சு. வாங்கிய கிரிப்டோ காயின் விலை இறங்க இறங்க அதையே இன்னும் வாங்கி, சராசரி விலையைக் குறைப்பதைத்தான் ஆவரேஜ் என்கிறார்கள். இந்த முறை தக்கலைப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவருடைய கணக்கைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் தெரியக்கூடாது என்பதற்காகத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். காயின் என்றால் என்ன, ஆப்பில் எப்படி வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அவர் முதலில் போட்டது 30,000 ரூபாய். காயின் விலை 60 ரூபாய், ஆக 500 காயின். சில வாரங்களில் விலை 45-க்கு வந்தது. அந்த இடத்தில் விற்றிருந்தால் நஷ்டம் 7,500 ரூபாய். கடை பாக்கியில் வராமல் போகிற காசு அதைவிட அதிகம் என்று அவரே சொல்வார். ஆனால் டெலிகிராம் குழுவில் "டிப் வந்திருக்கு, ஆவரேஜ் பண்ணுங்க" என்றார்கள். 45,000 ரூபாய்க்கு இன்னும் 1,000 காயின் வாங்கினார். ஆப்பில் சராசரி விலை 60-லிருந்து 50 ஆனது. மனதுக்கு நிம்மதி.

விலை 20-க்கு வந்தது. கடைச் சரக்குக்கு வைத்திருந்த 90,000 ரூபாயைப் போட்டு 4,500 காயின். சராசரி 27.50. பிறகு விலை 8. வீட்டு நகையை அடகு வைத்து 1,20,000 ரூபாய்க்கு 15,000 காயின். இப்போது கையில் 21,000 காயின், போட்ட பணம் மொத்தம் 2,85,000, சராசரி 13 ரூபாய் 57 பைசா. "60 ரூபாய்க்கு வாங்கினதை பதிமூணரைக்குக் கொண்டு வந்துட்டேன் சார்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அன்றைக்கு விலை ஒன்றரை ரூபாய். கையிருப்பின் மதிப்பு 31,500. நஷ்டம் 2,53,500.

முதல் 30,000-த்தோடு நிறுத்திவிட்டு ஆப்பையே மறந்திருந்தால்? 500 காயின், ஒன்றரை ரூபாய் விலை, 750 ரூபாய் மிச்சம். நஷ்டம் 29,250. காயின் அடியோடு செத்துப்போனாலும் 30,000-க்கு மேல் ஒரு பைசா போயிருக்காது. இரண்டரை லட்சம் நஷ்டத்தில் முதலில் செய்த தவறின் பங்கு முப்பதாயிரம்கூட இல்லை. மிச்சம் முழுவதும் அதைச் சரிசெய்யப் போனதில் வந்தது.

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். புதிதாக வாங்கும்போது சராசரி விலை குறைகிறது. ஏற்கெனவே ஆன நஷ்டம் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. 20 ரூபாயில் வாங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு அவருக்கு எவ்வளவு நஷ்டமோ, வாங்கி முடித்த அடுத்த நிமிடமும் அதே நஷ்டம்தான். நிறையப் பணம் உள்ளே போனதால் நஷ்டச் சதவீதம் சிறியதாகத் தெரிகிறது. ஆப்பில் சிவப்பு எழுத்தில் இருக்கும் மைனஸ் 60 மைனஸ் 27 ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறீர்கள். ரூபாயில் பாருங்கள், அசையவே இல்லை.

சரி, அசையாதது எது என்று பார்த்தோம். மாறியது எது? விலை ஒரு ரூபாய் இறங்கினால் உங்கள் பையிலிருந்து எவ்வளவு போகிறது என்பது. முதலில் 500 காயின் இருந்தபோது ஒரு ரூபாய் இறக்கத்துக்கு 500 ரூபாய் நஷ்டம். 21,000 காயின் ஆனதும் அதே ஒரு ரூபாய் இறக்கத்துக்கு 21,000 ரூபாய். விலை 60-லிருந்து 8 வரை 52 ரூபாய் இறங்கியதில் அவர் இழந்தது 1,17,000. கடைசியாக 8-லிருந்து ஒன்றரைக்கு, வெறும் ஆறரை ரூபாய் இறங்கியதில் இழந்தது 1,36,500. சராசரியைப் பாதியாக இறக்கிக் காட்டிய அந்தக் கடைசி வாங்கல்தான் தனியாக 97,500 ரூபாயைத் தின்றது. நகை வைத்த பணமும் அதுதான்.

"எட்டு ரூபாய்க்கு வந்தாச்சு, இதுக்குக் கீழே எங்கே சார் போகும்?" என்று கேட்டார். 60-லிருந்து 8 என்றால் 87 சதவீத வீழ்ச்சி, இனி 13 சதவீதம்தான் பாக்கி என்பது அவர் மனக்கணக்கு. அந்த 13 சதவீதம் 60-க்குக் கணக்கு. எட்டு ரூபாயில் வாங்கியவனுக்கு எட்டு ரூபாய்தான் நூறு சதவீதம், அது முழுவதும் போகலாம்.

நம் மாவட்டத்தில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ரப்பர். 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை போனது, 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே வந்தது, 2024 ஆகஸ்டில் மறுபடி 240-ஐத் தாண்டியது. ஷீட்டைப் புகைப்புரையில் பிடித்து வைத்தவர்களையும், விலை இல்லாத வருடங்களில் மரத்தை வெட்டாமல் விட்டவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இறங்கியது ஒருநாள் கேறும் என்பது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஆனால் ரப்பர் விலை எவ்வளவு விழுந்தாலும் டயர் கம்பெனிக்கு ரப்பர் வேண்டும். விலை கட்டுப்படாதபோது ஆட்கள் பால்வெட்டை நிறுத்துவார்கள், வரத்து குறையும், விலை திரும்பும். பெரும்பாலான சின்ன காயின்களுக்கு இப்படிக் கட்டாயம் வாங்கியே தீர வேண்டியவர் யாரும் கிடையாது. விலை விழுந்தால் வரத்து குறையும் என்ற உறுதியும் கிடையாது.

வரத்து கூடவே செய்யலாம். 2022 மே மாதம் லூனாவுக்கு நடந்தது அதுதான். ஏப்ரலில் 115 டாலருக்கு மேல் போன காயின். அதோடு பிணைத்து யுஎஸ்டி என்று ஒரு டாலர் மதிப்புள்ள இன்னொரு காயின் இருந்தது. யுஎஸ்டி ஒன்றைக் கொடுத்தால் ஒரு டாலர் பெறுமான லூனா புதிதாக அடித்துத் தரப்படும் என்பது ஏற்பாடு. யுஎஸ்டி ஆட்டம் கண்டதும் எல்லாரும் மாற்றப் போனார்கள். லூனா விலை விழ விழ, ஒரு டாலருக்கு இன்னும் அதிக லூனா அடிக்க வேண்டியதாயிற்று. சுமார் 35 கோடியாக இருந்த எண்ணிக்கை சில நாட்களில் ஆறரை லட்சம் கோடியானது. மே 11 அன்று விலை ஒரு டாலர் அளவுக்கு வந்தபோது "99 சதவீதம் விழுந்தாச்சு" என்று ஆவரேஜ் செய்தவர்கள் உண்டு. இரண்டே நாளில் அந்த ஒரு டாலர், ஒரு சென்ட்டின் நூறில் ஒரு பங்குகூட இல்லாமல் போனது. அவர்கள் கையிலிருந்த காயின் எண்ணிக்கை மட்டும் குறையவே இல்லை.

உடனே பிட்காயினைக் காட்டுவீர்கள். 2021 நவம்பரில் 69,000 டாலர் அளவில் இருந்தது, ஒரு வருடத்தில் 16,000-க்கு வந்தது, பிறகு ஏறவில்லையா? ஏறியது. பிழைத்து நிற்பதைத்தான் உதாரணமாகக் காட்ட முடியும். அதே வருடங்களில் விழுந்து எழாமலே போனவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. பிட்காயின் ஏறியது என்பதற்காக டெலிகிராம் குழுவில் பார்த்த காயினை ஆவரேஜ் செய்வதில் என்ன நியாயம்?

இன்னொரு கேள்வியும் வரும்: "நீங்களே எஸ்ஐபி போடச் சொல்றீங்களே, அதுவும் ஆவரேஜ்தானே?" இல்லை மக்கா. மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில் மாதம் எவ்வளவு என்பது முன்கூட்டியே முடிவானது. விலை விழுந்தது என்று ஐயாயிரம் ஐம்பதாயிரம் ஆவதில்லை. நிஃப்டி 50 போன்ற பங்குச் சந்தைக் குறியீட்டில் தேய்ந்து போகிற கம்பெனி வெளியே போய் வேறொன்று உள்ளே வரும். ஒரே காயினில் அந்த மாற்று கிடையாது. நம் ஹார்டுவேர் கடைக்காரர் 30, 45, 90, 120 என்று ஆயிரங்களை ஏற்றிக்கொண்டே போனதைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் தொகையை முடிவு செய்தது அவருடைய வருமானம் இல்லை, அதுவரை ஆன நஷ்டம்.

என் தொழில் பக்கத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியவில்லை. 2022 ஏப்ரல் முதல் காயின் லாபத்துக்கு 30 சதவீத வரி, மேலே 4 சதவீத செஸ். நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது. கடை வருமானத்திலும் இல்லை, இன்னொரு காயினில் வந்த லாபத்திலும் இல்லை. அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. இவருக்கு அதே வருடம் வேறொரு காயினில் 40,000 ரூபாய் லாபம். அதற்கு 12,480 ரூபாய் வரி கட்டச் சொன்னபோது, "ரெண்டரை லட்சம் போனவன்கிட்ட வரியா?" என்று நம்பவே மாட்டேன் என்றார். நகைக் கடன் வட்டியையும் கழிக்க முடியாது. வாங்கிய விலை மட்டும்தான் கழிவு. பங்குச் சந்தையில் நஷ்டம் வந்தால் வரியிலாவது கொஞ்சம் ஆறுதல் உண்டு. காயினை ஆவரேஜ் செய்கிறவருக்கு அதுவும் கிடையாது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. பிரித்துப் பிரித்து வாங்க ஆசையா, வாங்குங்கள், ஆனால் மொத்தம் எவ்வளவு என்று முதல் ரூபாய் போடும் முன்பே எழுதி வையுங்கள். முப்பதாயிரம் என்றால் பத்துப் பத்தாகப் போடலாம். தீர்ந்தால் தீர்ந்ததுதான், முப்பத்தோராவது ஆயிரம் கிடையாது. சரிந்த காயினை மறுபடி வாங்கத் தோன்றும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: என் கையில் இந்தக் காயின் ஒன்றுகூட இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த விலைக்கு இதை வாங்குவேனா? பழைய விலையை மீட்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை என்றால் ஆப்பை மூடுங்கள். வாங்கும் முன், யார் எந்த விலைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று ஆப்பில் காட்டும் ஆர்டர் புக்கில் வாங்குவோர் பக்கத்தையும் பாருங்கள். விற்க வேண்டிய நாளில் எடுக்க ஆள் இருக்குமா என்பது அங்கேதான் தெரியும். நகைக் கடனில் காயின் வாங்காதீர்கள். இதைத் தயவுசெய்து கேளுங்கள், வேறு எதைக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள், மார்ச் 31-க்குள் விற்றால் வரி மிச்சமாகுமா என்று கேட்கிறார்கள். ஆகாது, மேலே சொன்ன காரணம்தான். அதனால் விற்பதா வேண்டாமா என்பதைத் தேதி பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பணம் வேறு எங்கே வேண்டியிருக்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள். கடைக்காரர் என் மேசை முன்னாலேயே விற்றார். திரையில் காட்டிய 31,500-க்கு வாங்க ஆள் இல்லை. 21,000 காயினையும் மொத்தமாகத் தள்ளியபோது மேல் விலையில் இருந்த சில்லறை ஆர்டர்கள் தீர்ந்து, கீழே கீழே போய், கைக்கு வந்தது 27,000 சொச்சம். அதை அப்படியே நகைக் கடன் அசலில் கட்டச் சொன்னேன். மாதம் 1,200 ரூபாயாக ஓடிக்கொண்டிருந்த வட்டி 930 ஆகியிருக்கிறது. டெலிகிராம் குழுவில் இப்போது அடுத்த காயின் ஓடுகிறதாம். அதிலிருந்து வெளியே வந்துவிட்டீர்களா என்று கேட்டேன், "பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கேன் சார்" என்றார்.