சாங்கி படம்: சொல்லும் பொருளும், படிக்கும் முறையும்

ஓரிடத்தில் புறப்படும் பணமோ ஆற்றலோ எவ்வெவ்வழியில் பிரிந்து எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பட்டைகளாக வரைந்து, ஒவ்வொரு பட்டையின் அகலத்தையும் அதில் செல்லும் அளவுக்கு நேர்விகிதத்தில் வைக்கும் படத்துக்குச் சாங்கி படம் என்று பெயர். இந்த வரையறையின் உயிர் அகலத்தில் இருக்கிறது. பட்டை எவ்வளவு நீளமாக ஓடுகிறது, எப்படி வளைகிறது, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பவற்றுக்குப் பொருள் எதுவும் இல்லை. அவை வரைபவரின் வசதிக்காக அமைபவை.

பெயர் ஒரு மனிதருடையது. அயர்லாந்தில் பிறந்து பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறியாளர் படையில் கேப்டனாக இருந்த மாத்யூ ஹென்றி ஃபினியஸ் ரையல் சாங்கி, 1898-இல் நீராவிப் பொறியின் வெப்பத்திறனை விளக்க இவ்வகைப் படத்தைப் பயன்படுத்தினார். கொதிகலனுக்குள் நுழையும் வெப்பம் ஒரு பெரிய பட்டையாகத் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு பகுதியை இழந்து மெலிந்து, இறுதியில் பயனுள்ள வேலையாக எஞ்சுவதை அந்தப் படம் காட்டியது. ஆனால் அகலத்தால் அளவைக் காட்டும் உத்தி அவருக்கு முன்பே இருந்தது. 1812-இல் நெப்போலியனின் படை உருசியாவுக்குள் 4,22,000 பேருடன் நுழைந்து 10,000 பேருடன் திரும்பியதை, பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் மினார் 1869-இல் இதே முறையில்தான் வரைந்திருந்தார். பொறியியல் துறையில் சாங்கியின் படம் பரவியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? 'பாய்வுப் படம்' என்ற சொல் ஒரு செயல்முறையின் படிகளை அம்புக்குறிகளால் காட்டும் படத்துக்கு ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அதில் அம்பு வரிசையை மட்டுமே காட்டும், அளவைக் காட்டாது. 'வரைபடம்' என்றால் நிலப்படமும் அச்சுகள் கொண்ட கோட்டுப்படமும் நினைவுக்கு வருகின்றன. ஆகவே பாய்வு, அகலம் என்ற இரண்டையும் சேர்த்துப் 'பாய்வகலப் படம்' என்று சொல்வது பொருந்தும் என்பது என் கருத்து. அளவு எங்கே இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். புறப்படும் இடத்தை மூலம் என்றும், முடியும் இடத்தைச் சேரிடம் என்றும், பட்டைகள் சேர்ந்து பிரியும் இடத்தைக் கணு என்றும் சொல்லலாம். கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் கணு இங்கும் இயல்பாகப் பொருந்துகிறது.

படிக்கும் முறைக்கு ஒரு நிறுவனத்தின் வரவு செலவை எடுத்துக்கொள்வோம். இத்தகைய படத்தை வரையும் சாங்கிமாட்டிக் என்ற இணையக் கருவியில் மூலம், அளவு, சேரிடம் என்ற வரிசையில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு வரியை எழுத வேண்டும்.

```
பொருள் விற்பனை [60] மொத்த வருவாய்
சேவை [40] மொத்த வருவாய்
மொத்த வருவாய் [55] உற்பத்திச் செலவு
மொத்த வருவாய் [45] மொத்த இலாபம்
மொத்த இலாபம் [30] நிர்வாகச் செலவு
மொத்த இலாபம் [4] வரி
மொத்த இலாபம் [11] நிகர இலாபம்
```

முதலில் இடைக்கணுக்களைச் சரிபார்க்க வேண்டும். மொத்த வருவாய்க்குள் 60-உம் 40-உம் வந்து 100 ஆகின்றன. வெளியே 55-உம் 45-உம் போகின்றன. நான்காம் வரியில் 45-க்குப் பதில் 40 என்று தவறாக எழுதிவிட்டால், பெரும்பாலான கருவிகள் பிழை என்று நிறுத்தாமல் படத்தை வரைந்துவிடும். ஆனால் அந்தக் கணுவின் வலப்புற ஓரத்தில் எந்தப் பட்டையும் தொடாத ஒரு வெற்றுத் துண்டு தெரியும். அந்த வெற்றுத் துண்டுதான் கணக்கு இடிக்கிறது என்பதற்கான அடையாளம். சேரிடங்களைக் கூட்டும்போது 55, 30, 4, 11 ஆகிய நான்கையும் மட்டுமே கூட்ட வேண்டும். இடையில் நிற்கும் 45-ஐயும் சேர்த்தால் ஒரே பணத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

அடுத்தது மிகவும் எளிதில் ஏமாற்றும் இடம். சேவைப் பட்டை கணுவின் மேற்புறத்தில் நுழைந்து, வலப்புறத்தில் அதே உயரத்தில் இலாபப் பட்டை வெளியேறினால், இலாபம் முழுவதும் சேவையிலிருந்து வந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றும். அப்படிச் சொல்லப் படத்தில் எந்த ஆதாரமும் இல்லை. கணுவில் இரு பட்டைகளும் கலந்துவிட்டன. கலந்தபின் எந்த அலகு எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் அழிந்துவிடுகிறது. சேவையால் கிடைத்த இலாபத்தைத் தனியே அறிய வேண்டுமானால், இரு தொழில்களின் செலவையும் கலக்கும் முன்பே தனித்தனிக் கணுக்களாக வரைந்திருக்க வேண்டும். பட்டைகளுக்குப் பூசும் நிறமும் இதே மயக்கத்தைத் தரவல்லது.

நட்டத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். அகலம் எதிர்க்குறி ஏற்காது. 100 வந்து 108 செலவானால் அந்த 8-ஐச் சேரிடமாக வரைய முடியாது. கடன் அல்லது கையிருப்பு என்ற மூலமாக இடப்புறத்தில் காட்டினால்தான் கணு சமநிலை பெறும்.

ஆற்றல் படங்களில் இன்னொரு கேள்வி எழுகிறது: இந்த அகலத்தை அளந்தார்களா, கணித்தார்களா? அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் அந்நாட்டின் ஆற்றல் பாய்வைப் படமாக வெளியிட்டு வருகிறது. 2019-ஆம் ஆண்டுக்கான படத்தில் மொத்தம் 100.2 குவாட் ஆற்றல் நுழைகிறது. ஒரு குவாட் என்பது 1-ஐத் தொடர்ந்து 15 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையிலான பிரிட்டிஷ் வெப்ப அலகுகள். வலப்புறத்தில் 32.7 குவாட் பயனாகவும், 67.5 குவாட் வெளியேறிய ஆற்றலாகவும் முடிகின்றன. மூன்றில் இரண்டு பங்கு வீணாகிறது என்று இதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றும்; ஆனால் வெளியேறிய ஆற்றலைக் காட்டும் சாம்பல் நிறப் பட்டை எப்படி வந்தது என்பதைப் படத்தின் அடிக்குறிப்பு சொல்கிறது. போக்குவரத்துக் கணுவுக்குள் வரும் எரிபொருளில் 21 விழுக்காடு பயனாகிறது என்ற ஓர் எடுகோளால் பெருக்கித்தான் அதன் இரு கிளைகளும் வரையப்பட்டுள்ளன. எடுகோள் மாறினால், ஒரு வண்டிகூட மாறாமலே பட்டைகளின் அகலம் மாறிவிடும்.

காற்றாலை மின்சாரத்தில் இது இன்னும் நுட்பமானது. காற்றாலை தந்த ஓர் அலகு மின்சாரத்தை, அதே அளவை ஓர் அனல் நிலையம் தர எவ்வளவு எரிபொருள் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, இரண்டரை மடங்குக்கும் சற்று மிகுதியான அகலத்தில் இடப்புறத்தில் நுழைத்திருந்தார்கள். மின் உற்பத்திக் கணுவில் அந்தக் கூடுதல் அகலம் வெளியேறிய ஆற்றலாகக் கழிகிறது. எங்கும் எரிக்கப்படாத எரிபொருளின் வெப்பம் அது. கணக்கு முறையால் மட்டுமே படத்தில் இருக்கிறது. 2023-இல் அமெரிக்க ஆற்றல் தகவல் நிர்வாகம் இம்முறையை விட்டு, கிடைத்த மின்சாரத்தின் ஆற்றலையே மூலத்தின் அளவாக எடுக்கும் முறைக்கு மாறியது. ஆகவே இரு ஆண்டுகளின் படங்களை அருகருகே வைத்துச் சாம்பல் பட்டை மெலிந்திருக்கிறது என்று கண்டால், பொறிகளின் திறன் கூடியதா, அடிக்குறிப்பு மாறியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.