கடை லாபத்தில் இன்ட்ராடே நஷ்டத்தைக் கழிக்க முடியாது

இந்த மாதம் இது மூன்றாவது ஆள். காரைக்குடியில் கணக்கு, வரி வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கடைக்காரர்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள்: "ஷேர்ல நஷ்டம்தான் சார், கடை லாபத்துல கழிச்சிருங்க."

கழிக்க முடியாது. இன்னொரு தடவை சொல்கிறேன், கழிக்கவே முடியாது. அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே வியாபாரத்தை வருமான வரிச் சட்டம் ஊக வணிகம் என்கிறது. அதில் வந்த நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். மளிகை லாபம், வீட்டு வாடகை, வட்டி, வருடக்கணக்கில் வைத்திருந்து விற்ற பங்கின் லாபம் எதிலும் கழியாது. மீதியை நான்கு வருடம் எடுத்துச் செல்லலாம், அதுவும் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால்தான். "நஷ்டத்துக்கு எதுக்கு ரிட்டர்ன்ல காட்டணும்?" என்று விட்டவர்களுக்கு அந்த நான்கு வருடமும் போய்விட்டது.

முதன்முதலாக இப்படி வந்தவர் ஒரு பலசரக்குக் கடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், எனக்கு அண்ணன் முறை மாதிரி. கல்லாவுக்குப் பக்கத்தில் போன் சாய்ந்திருக்கும், அதில் ஐந்து நிமிட சார்ட். கால் கிலோ வெந்தயம் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார், விலை ஏறுவதைக் காட்டும் பச்சை மெழுகுவர்த்திக் கோடு எழும்பியிருந்தால் உடனே வாங்குவார். ஐந்து நிமிடம் முடியும்வரை அந்த மெழுகுவர்த்தி முழுமையானதல்ல. மூன்றாம் நிமிடத்தில் பச்சையாக இருந்தது ஐந்தாம் நிமிடத்தில் சிவப்பாக முடியும். இதற்குக் கீழே போனால் விற்றுவிடுவது என்கிற ஸ்டாப்லாஸ் விலையை மனதில்தான் வைத்திருந்தார். ஆச்சி ஒருவர் மாதச் சாமான் பட்டியலோடு வந்து நின்றால், அதைப் போட்டு முடிப்பதற்குள் விலை அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

அவருடைய எட்டு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்குச் சராசரி ஆறு தடவை வாங்கி விற்றிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சுமார் 1 லட்சம் ரூபாய்க்கு, பெரும்பகுதி கைப்பணமல்ல, தரகர் கொடுத்த மார்ஜினில். விலை வித்தியாசத்தில் போனது 38,000 ரூபாய். அவர் மனதில் இருந்த நஷ்டம் அவ்வளவுதான். ஒரு ஜோடி வாங்கல் விற்றலுக்கு புரோக்கரேஜ் 40, பரிவர்த்தனை வரி 25, மீதி எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரை வரி என்று மொத்தம் 80 ரூபாய் பக்கம். ஏறக்குறைய 960 ஜோடிக்குக் கணக்குப் போட்டால் 77,000 ரூபாய். விலையில் தோற்றதைப் போல இரண்டு மடங்கு, வெறும் செலவில். இந்தச் செலவையெல்லாம் காட்டும் தரகரின் காண்ட்ராக்ட் நோட் தினமும் மெயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தது, அவர் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

இவர் ஒருவர் கதை மட்டுமல்ல. 2022-23இல் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வே சொல்கிறது.

அந்தக் கணக்கைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "பங்குனியில புதுப்புளி வாங்கி உள்ள போட்டா, நாளுக்கு ஆறு தடவ விலை கேட்டுக்கிட்டா இருக்கேன்?"

அன்றைக்கே மாறிவிடவில்லை. முதலில் ஸ்டாப்லாஸை மனதில் வைக்காமல் ஆர்டராகவே போட்டார். பிறகு மெழுகுவர்த்தி முடிந்த பிறகே வாங்குவது என்று வைத்துக்கொண்டார், அதிலேயே ஆறு இரண்டாகக் குறைந்தது. ஆடியில் கடை ஓட்டம் மந்தமானதும் பழையபடி ஆகி, ஒரு வாரத்தில் 9,000 ரூபாய் போயிற்று. அதற்குப் பிறகுதான் போனை உள்ளே வைத்தார். இப்போது சந்தை மூடும் மூன்றரைக்குப் பிறகு தினசரி சார்ட்டை ஒரு தடவை பார்க்கிறார். வாங்கினால் அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ளும் டெலிவரியில், கைப்பணத்துக்கு மட்டும். டெலிவரியில் பரிவர்த்தனை வரி கூடுதல், 1 லட்சத்துக்கு வாங்கும்போது 100, விற்கும்போது 100. ஆனால் அவர் போன வருடம் முழுக்க வாங்கியது ஒன்பது தடவை.

கடைக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இன்றைக்கு ராத்திரி கல்லாவை எண்ணி முடித்ததும் ஒரு மாதக் காண்ட்ராக்ட் நோட்டைத் திறந்து, செலவுகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். இன்ட்ராடே செய்திருந்தால் என்னிடமோ உங்கள் ஆடிட்டரிடமோ ஒளிக்காதீர்கள். வழக்கமாகப் போடும் எளிய படிவம் உங்களுக்குச் செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். கெடு தேதி நெருங்கும்போது வந்து நிற்காதீர்கள். நஷ்டத்தில் விழுந்த இன்ட்ராடேயை மூன்று மணிக்கு டெலிவரியாக மாற்றுவதும் வேண்டாம். சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் அதில்தான் மாட்டிக்கொள்கிறது.

அந்த அண்ணனின் பழைய நஷ்டம் இன்னும் அவருடைய ரிட்டர்னில் இருக்கிறது. அவர் இன்ட்ராடேவை விட்டுவிட்டதால் கழிக்க இடமில்லாமல் நான்காம் வருடம் காலாவதியாகும். "போகட்டும் சார்" என்றார் போன வாரம், புளி மூட்டைக்குக் கணக்கு எழுதிக்கொண்டே.