கூகுள் விளம்பரக் கணக்கில் கை வைப்பதற்கு முன்னால்

மறுபடியும் அதே கதை. ஓடிக்கொண்டிருக்கும் கூகுள் விளம்பரக் கணக்கு ஒன்று புதியவர் கைக்கு மாறுகிறது. வந்த வாரத்திலேயே அவர் இரண்டு கேம்பெயின்களை நிறுத்துகிறார், ஏலமுறையை மாற்றுகிறார், பட்ஜெட்டை இடம் மாற்றுகிறார். மாத முடிவில் அறிக்கையில் எண்கள் ஜோராக இருக்கின்றன. கடையில் தொலைபேசி மட்டும் ஒலிக்கவில்லை. அதன்பிறகுதான் உரிமையாளர் என்னைப் போன்ற ஒருவரைத் தேடி வருகிறார். பழைய நிலை எது, புதிய கோளாறு எது என்று பிரித்துப் பார்க்கவே அப்போது பாதி நேரம் போய்விடுகிறது.

அண்மையில் வந்தது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கிரைண்டர் தயாரிப்பாளரின் கணக்கு. வீட்டு கிரைண்டரும் செய்கிறார், ஓட்டல்களுக்கும் கேண்டீன்களுக்கும் டில்டிங் கிரைண்டரும் செய்கிறார். லாபம் இரண்டாவதில்தான். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, எண்களை முழுமையாக்கித் தருகிறேன்.

மாதச் செலவு 90,000 ரூபாய். கணக்கு காட்டிய கன்வெர்ஷன், அதாவது விளம்பரத்தால் கிடைத்த வெற்றி என்று அது எண்ணியது, 300. ஒன்றுக்கு 300 ரூபாய். இதில் வீட்டு கிரைண்டர் கேம்பெயின் 72,000 ரூபாய் செலவழித்து 288 கன்வெர்ஷன் கொடுத்திருந்தது; ஒன்றுக்கு 250 ரூபாய். டில்டிங் கிரைண்டர் கேம்பெயின் 18,000 ரூபாய்க்கு வெறும் 12. ஒன்றுக்கு 1,500 ரூபாய். புதியவர் இந்த இரண்டு வரிகளைப் பார்த்தார், 1,500 ரூபாய்க்காரரை நிறுத்தினார், மொத்தப் பணத்தையும் 250 ரூபாய்க்காரரிடம் கொடுத்தார், ஏலமுறையை Maximize conversions என்ற தானியங்கி முறைக்கு மாற்றினார். அடுத்த மாதம் கன்வெர்ஷன் இன்னும் ஏறியது. ஓட்டல் விசாரணை மட்டும் நின்றே போனது.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. Conversions என்று தலைப்பிட்ட அந்தப் பத்தியில் இருப்பது வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை அல்ல. எதை எண்ணச் சொல்லி யாரோ எப்போதோ அமைத்தார்களோ, அதன் எண்ணிக்கை. தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே ஒன்று என்று அமைத்திருந்தால், திறந்தவுடன் மூடிப் போனவரும் ஒன்றுதான். வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டினால் ஒன்று என்றால், தட்டிவிட்டுச் செய்தி அனுப்பாதவரும் ஒன்றுதான். கூகுளுக்கு உங்கள் கல்லாப்பெட்டி தெரியாது. நீங்கள் கொடுத்த அடையாளத்தைத்தான் அது வெற்றி என்று நம்புகிறது. தானியங்கி ஏலமுறையை இயக்கிவிட்டால் அந்த அடையாளத்தை இன்னும் மலிவாகத் தரக்கூடிய ஆட்களைத் தேடி உங்கள் பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது. எந்திரம் தவறு செய்யவில்லை. சொன்னதைச் செய்கிறது. சொன்னது என்ன என்று படிக்காமல் ஏலமுறையை மாற்றுகிறவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த 300-ஐப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு தட்டல் போதும். கேம்பெயின் பட்டியலில் Segment, அதற்குள் Conversions, அதற்குள் Conversion action. உடனே ஒவ்வொரு கேம்பெயினுக்குக் கீழும் எது எத்தனை என்று விரிகிறது. வீட்டு கிரைண்டரின் 288-இல், தொடர்புப் பக்கம் திறந்தது 120, வாட்ஸ்அப் பொத்தான் தட்டல் 90, படிவம் 56, தொலைபேசி அழைப்பு 22. படிவ எண்ணிக்கை மட்டும் சந்தேகம் கொடுத்தது. இணையதளத்தில் கூகுள் விளம்பரக் குறியீடு ஒரு முறை எண்ணியிருக்கிறது. அதே படிவத்தை அனலிட்டிக்ஸ் வழியாகவும் இறக்குமதி செய்திருக்கிறார்கள். இரண்டுமே Primary, அதாவது Conversions பத்தியில் சேர்பவை. ஆக 56 படிவம் என்பது உண்மையில் 28 பேர். டில்டிங் கிரைண்டரின் 12-இல் அழைப்பு 8, படிவம் 4, அதாவது 2 பேர். மொத்தம் 10 பேர்.

இதுவரை பார்த்தது கணக்குக்குள். அடுத்து பார்க்க வேண்டியது கணக்குக்கு வெளியே, பெரும்பாலானோர் கேட்கவே கேட்காத ஒன்று: விற்பனை மேசையில் கிடக்கும் லாங் சைஸ் நோட்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மா, வருகிற ஒவ்வொரு அழைப்பையும் செய்தியையும் தேதி, ஊர், என்ன கேட்டார் என்று எழுதி வைத்திருந்தார். அந்த மாதத்துப் பக்கங்களில் பாதிக்கு மேல் ‘பெல்ட்’, ‘கல் தேய்மானம்’, ‘சர்வீஸ்’ என்றே இருந்தது. அவற்றில் பல வேறு கம்பெனி கிரைண்டர்கள். புது வீட்டு கிரைண்டர் வாங்க விசாரித்தவர்கள் எல்லா வழியிலும் சேர்த்து 6 பேர். டில்டிங் கிரைண்டர் கேட்ட ஓட்டல், கேண்டீன்காரர்கள் 7 பேர்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 250 ரூபாய் என்று மின்னிய கேம்பெயினில் உண்மையான ஒரு விசாரணைக்கு 12,000 ரூபாய் போயிருக்கிறது. 1,500 ரூபாய் என்று திட்டு வாங்கி நிறுத்தப்பட்டதில் சுமார் 2,570 ரூபாய். நிறுத்தப்பட்டது, கடைக்குச் சோறு போட்ட கேம்பெயின்.

பெல்ட் கேட்பவர்கள் ஏன் வந்தார்கள்? அதற்கு விடை Search terms அறிக்கையில் இருக்கிறது. நாம் வாங்கிய தேடல் சொல் வேறு, மக்கள் உண்மையில் தட்டச்சு செய்தது வேறு. ‘கிரைண்டர்’ என்று பரந்த பொருத்தத்தில் விட்டால் ‘கிரைண்டர் ரிப்பேர் அருகில்’, ‘கிரைண்டர் பெல்ட் விலை’ எல்லாம் உள்ளே வரும். வீட்டில் மாவு அரைக்கும்போது கிரைண்டர் பாதியில் நின்றுபோனவர் தொலைபேசி எண் தேடித் தொடர்புப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். அந்த 120-க்கு இதுதான் காரணம்.

சரி, இது எப்போதிலிருந்து? Change history பக்கத்துக்குப் போனால் தெரியும். கடந்த 2 ஆண்டுகளில் யார், என்று, எதை மாற்றினார்கள் என்பது அங்கே வரிசையாக இருக்கும். இந்தக் கணக்கில் பரந்த பொருத்தச் சொற்களைச் சேர்த்தது எந்த மனிதரும் இல்லை. கூகுளின் பரிந்துரைகளைத் தானாக ஏற்கும் வசதியை யாரோ இயக்கிவைத்திருந்தார்கள்; அது தன் பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. வேண்டாத தேடல்களை விலக்கும் பட்டியல் ஒன்றுகூட இல்லை. சரிவு தொடங்கிய தேதியையும் இந்த மாற்றங்களின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். (இடையில் ஒன்று: கணக்கின் மேல் தெரியும் அந்த ஆப்டிமைசேஷன் மதிப்பெண்ணைக் காட்டி ‘100 சதவீதம் ஆக்கிவிட்டேன்’ என்று யாராவது பெருமைப்பட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். பரிந்துரையை ஏற்றாலும் ஏறும், வேண்டாம் என்று தள்ளினாலும் ஏறும்.)

இடஅமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘இந்த ஊரில் இருப்பவர்கள்’ என்பதும் ‘இந்த ஊரில் ஆர்வம் உள்ளவர்கள்’ என்பதும் வேறு. தானாக வருவது இரண்டும் சேர்ந்தது. டெலிவரி செய்யாத ஊர்களின் கிளிக்குகளுக்குப் பணம் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி செய்ய வேண்டியவை. தொழில் செய்கிறவர்களுக்கு முதலில். புதுக் கணக்கு கையில் வந்தால் பார்வையிடும் அனுமதியை மட்டும் கேளுங்கள். மாற்றும் அனுமதி கையில் இருந்தால் விரல் சும்மா இருக்காது. பார்த்து முடித்து, மாற்றத் தொடங்கும் முன் கூகுள் ஆட்ஸ் எடிட்டரில் கணக்கை இறக்கி ஒரு பிரதி ஏற்றுமதி செய்து வையுங்கள். பிறகு வரிசை முக்கியம். எண்ணுவதைத் திருத்தாமல் ஏலமுறையைத் தொடாதீர்கள். இந்தக் கணக்கில் தொடர்புப் பக்கத்தையும் வாட்ஸ்அப் தட்டலையும் அந்தப் பத்தியில் சேராதபடி Secondary ஆக்கினோம், இரட்டைப் படிவத்தில் ஒன்றை எடுத்தோம், படிவத்துக்கு Count என்பதை One என்று வைத்தோம். ஒரே ஆள் நான்கு முறை அனுப்பினாலும் ஒரு விசாரணைதானே. அதன்பிறகு சர்வீஸ், ரிப்பேர், பெல்ட், ஸ்பேர் எல்லாவற்றையும் விலக்குப் பட்டியலில் போட்டோம், தானாக ஏற்கும் வசதியை அணைத்தோம். கடைசியாகத்தான் டில்டிங் கேம்பெயினை மீண்டும் ஓடவிட்டுப் பட்ஜெட்டை நகர்த்தினோம். மாதம் பத்துப் பேர் மட்டும் வரும் கேம்பெயினில் தானியங்கி ஏலமுறை கற்றுக்கொள்ளப் போதிய தீனி கிடையாது. அதைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

உரிமையாளர்களே, உங்களுக்கும் சில. கணக்கு உங்கள் மின்னஞ்சலில், நிர்வாகி அனுமதியோடு இருக்கட்டும். ஏஜென்சியின் கணக்கில் உங்கள் விளம்பரம் ஓடினால் பிரியும்போது வரலாறு முழுவதும் அவர்களோடு போய்விடும். ‘வந்தவுடன் என்ன மாற்றப் போகிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் பாதி அவசரத்துக்குக் காரணம். ‘என்ன கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேளுங்கள், அதற்குக் கூலி கொடுங்கள். தயவுசெய்து அந்த நோட்டை விட்டுவிடாதீர்கள். விளம்பரத்தில் எண்ணைப் பார்த்துத் தன் போனில் தானே அழுத்திப் பேசுகிறவரும், நேரே கடைக்கு வந்து நிற்கிறவரும் பெரும்பாலும் கணக்கில் எந்த வரியிலும் வரமாட்டார்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே பதிவு அதுதான். ‘எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் அதில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதைத் திருத்திய மாதம் அறிக்கை பயமுறுத்தும். 300 என்று பார்த்துப் பழகிய இடத்தில் 60-க்குப் பக்கத்தில் நிற்கும். இதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே இன்னொருவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களைக் கணக்கில் ஒப்பிடாமல் நோட்டை வைத்தே ஒப்பிடுங்கள். கடைசி ஒரு வாரத்தின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கன்வெர்ஷன், அது நடந்த நாளில் பதிவாவதில்லை; கிளிக் செய்த நாளின் கணக்கில் போய்ச் சேர்கிறது. இன்று பார்த்து, பங்காளிகளிடம் பேசி, பத்து நாள் கழித்துப் படிவம் அனுப்பும் ஓட்டல்காரர் இன்றைய தேதியில்தான் வந்து உட்காருவார். அதுவரை இன்றைய வரி காலியாகத்தான் தெரியும்.